பஞ்சு ஏறினால் நூல் விலை எவ்வளவு ஏறலாம்? மில்லுடன் விலை மாற்ற விதி பேசுவது எப்படி

திருப்பூரில் பின்னலாடை தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, 30-ஆம் நம்பர் கார்டட் நூலை ஓராண்டுக்கு மாதம் 5 டன் வீதம் ஒரே மில்லிடம் வாங்க ஒப்பந்தம் போடுவதாக வைத்துக்கொள்வோம். கிலோ 250 ரூபாய். பஞ்சு விலை ஏறினால் நூல் விலையையும் ஏற்றுவோம் என்று மில் கேட்கிறது. கேட்பது நியாயம்தான். 2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, பழைய விலைக்கே நூல் கொடுக்க எந்த மில்லாலும் முடிந்திருக்காது. எவ்வளவு ஏற்றலாம், எதை வைத்து ஏற்றலாம் என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதல் படி: நூல் விலையில் பஞ்சின் பங்கைக் கணக்கிடுங்கள்

மில்லுக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு கண்டி என்பது ஏறக்குறைய 356 கிலோ. கண்டி 56,000 ரூபாய் என்றால் கிலோ பஞ்சு சுமார் 157 ரூபாய். கார்டட் நூல் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.15 கிலோ பஞ்சு போகும் என்று கொண்டால் 181 ரூபாய். கழிவுப் பஞ்சு விற்று மில்லுக்குத் திரும்பி வருவதில் 6 ரூபாயைக் கழித்தால் 175. அது 250-இல் 70 சதவீதம். மீதி 30 சதவீதம் மின்சாரம், கூலி, வட்டி, இலாபம். பஞ்சு விலை ஏறியதால் இவை பெரிதாக ஏறுவதில்லை.

"பஞ்சு 10 சதவீதம் ஏறிவிட்டது, நூலுக்கும் 10 சதவீதம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று விற்பனை மேலாளர் சொல்லும்போது இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். அவர் கேட்பது 275 ரூபாய். பஞ்சு 56,000-இலிருந்து 61,600 ஆனால் வர வேண்டிய விலை இதுதான்:

```
250 × (0.30 + 0.70 × 61,600 ÷ 56,000) = 267.50
```

கிலோவுக்கு 7.50 ரூபாய் வித்தியாசம், 5 டன்னுக்கு மாதம் 37,500 ரூபாய். மில்லும் தன் கணக்கைக் காட்டட்டும். கோம்டு நூல் என்றால் கழிவு அதிகம், பங்கும் மாறும்.

இரண்டாவது படி: எந்த விலைப் புள்ளி, எந்த மாதம்

மில்லின் சொந்த விலைப்பட்டியலை அளவுகோலாக ஏற்காதீர்கள். அதை எழுதுவது அவர்களே. இந்தியப் பருத்திச் சங்கம் வெளியிடும் அன்றாட விலை போன்ற பொது விலையைக் குறிப்பிடுங்கள். இரகத்தையும் இழை நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒருநாள் விலை வேண்டாம், முந்தைய மாதச் சராசரி போதும். இன்று வரும் நூல் பெரும்பாலும் முன்பே வாங்கி இருப்பு வைத்த பஞ்சில் நூற்றது.

அடிப்படை விலை, 250 ரூபாயை ஒத்துக்கொண்ட மாதத்தின் விலையாகவே இருக்க வேண்டும். 56,000 இருக்க வேண்டிய இடத்தில் 54,000 என்று எழுதிவிட்டால், பஞ்சு ஒரு ரூபாய்கூட ஏறாமலேயே முதல் நாளே நூல் 256.48 ஆகிவிடும்.

மூன்றாவது படி: சிறு அசைவுகளை விலக்குங்கள்

ஒவ்வொரு சில்லறை ஏற்றத்துக்கும் விலை மாறினால் ஏற்றுமதி ஆர்டருக்கு விலை சொல்லவே முடியாது. ஆகவே 5 சதவீதம் வரையிலான மாற்றத்துக்கு விலை மாறாது என்று வைப்பார்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்த ஒரு வரியில்தான் தொடங்கின. பஞ்சு 10 சதவீதம் ஏறினால் முழு 10-க்கும் கணக்கா, 5-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமா? முதலாவது என்றால் 267.50, இரண்டாவது என்றால் 258.75. மாதம் 43,750 ரூபாய் இந்தத் தெளிவின்மையில் கிடக்கிறது. "5 சதவீதத்துக்கு மேற்பட்ட மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். மில் மறுத்தால், எல்லையை 3 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள முன்வாருங்கள். இரு தரப்புக்கும் தாங்கும்.

நான்காவது படி: இறக்கமும் உச்சவரம்பும்

வரைவில் "உயர்ந்தால்" என்று மட்டும் இருந்தால் "உயர்ந்தாலோ குறைந்தாலோ" என்று மாற்றச் சொல்லுங்கள். விலை இறங்கும் மாதத்தில் மில் தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கணக்குத் தாள் அனுப்ப வேண்டும் என்ற கடமையும் அதில் இருக்கட்டும்.

உச்சவரம்பை மிக இறுக்கமாக வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. 2022 போன்ற ஆண்டு வந்தால் நட்டத்தில் நூல் கொடுக்க மில் விரும்பாது. வண்டி தாமதமாகும், உங்கள் பின்னல் இயந்திரம் நிற்கும். காலாண்டில் நூல் விலை ஏற்றம் 15 சதவீதத்தைத் தாண்டினால் இரு தரப்பும் 10 நாளில் மீண்டும் பேச வேண்டும், அதுவரை கடைசி விலையில் நூல் வர வேண்டும் என்று எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கையெழுத்துக்கு முன்

கடந்த 12 மாதப் பஞ்சு விலையை எடுத்து, உங்கள் விதிப்படி ஒவ்வொரு மாதமும் நூல் விலை என்னவாகியிருக்கும் என்று மில் ஆட்களுடன் உட்கார்ந்து ஒரே தாளில் போடுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே விடை வரும்வரை வாசகத்தைத் திருத்துங்கள். அந்தத் தாளையே ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, அதிலும் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.