இலையை வெட்டுங்கள், பிறகு பையில் போடுங்கள்: மூன்று கிழமை வாடாத பீட்ரூட், கரட்

நுவரெலியாப் பக்கம் பிடுங்கிய கரட் லொறியில் மலையிறங்கி திருகோணமலைச் சந்தைக்கு வரும்போதே கொஞ்சம் நீரை இழந்திருக்கும், அதனால் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். கரட்டை இரு கையாலும் பிடித்து மெல்ல வளையுங்கள். வளைந்து கொடுத்தால் வேண்டாம், விறைப்பாக நின்றால் எடுங்கள். மேலே கறுத்த வளையம், உடம்பில் வெள்ளை மயிர் வேர்கள் இருந்தால் பழசு. பீட்ரூட்டில் கைப்பிடிக்குள் அடங்கும் அளவு போதும். மிகப் பெரியது சில நேரம் நாராக இருக்கும். தோலில் காயம் இருக்கக் கூடாது, வால் முறியாமல் இருக்க வேண்டும்.

இலையோடு கிடைத்தால் நல்லதுதான், இலை பச்சையாக நின்றால் புதிது என்று தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதை வெட்டுவது. பிடுங்கிய பிறகும் இலை காற்றில் நீரை விட்டுக்கொண்டே இருக்கும், அந்த நீரைக் கிழங்கிலிருந்துதான் உறிஞ்சும். ஒருமுறை நாளைக்கு வெட்டலாம் என்று இலையோடு ஒரு கிலோ கரட்டை இரண்டு நாள் வைத்துவிட்டேன், அத்தனையும் தொய்ந்து போனது.

வெட்டும் இடம் இரண்டுக்கும் வேறு. கரட்டில் இலை தொடங்கும் இடத்துக்கு ஒட்டி, சதையில் கத்தி படாமல் வெட்டுங்கள். பீட்ரூட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தண்டை விட்டுவிட வேண்டும், வாலைத் தொடவே கூடாது. ஒட்ட வெட்டினால் சிவப்புச் சாறு கசியும், அந்தக் காயத்தில்தான் அழுகல் தொடங்கும். வெட்டிய பீட்ரூட் இலையை எறியாதீர்கள், அன்றைக்கே வறை செய்யலாம்.

அப்புறம் கழுவ வேண்டாம், மண்ணைத் துடைத்தால் போதும். கடையிலேயே கழுவி வந்த கரட் என்றால் துவாயில் பரப்பி நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, நாலைந்து துளை போட்ட பொலித்தீன் பையில் இட்டு, பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். பையின் உட்புறம் நீர்த்துளி கோர்த்தால் ஈரம் அதிகம், துடைத்துத் துணியை மாற்றுங்கள். கிழங்கு சுருங்கினால் துணி காய்ந்துவிட்டது, மறுபடி நனைத்துப் பிழியுங்கள். அப்பிளையும் வாழைப்பழத்தையும் பக்கத்தில் வைக்காதீர்கள், அவை விடும் வாயுவால் கரட் கசக்கும்.

இப்படி வைத்தால் மூன்று கிழமை தாராளமாக நிற்கும், பீட்ரூட் இன்னும் கொஞ்சம் கூட. கிழமைக்கு ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

பிரிட்ஜ் இல்லாதவர்கள் ஈர மணலில் புதைக்கலாம், ஆனால் நம் ஊர் வெக்கையில் கிழமைக் கணக்கில் நிற்காது, சில நாள்தான். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், அதிலுள்ள உப்பு கிழங்கின் நீரை இழுத்துவிடும், ஆற்று மணல் எடுங்கள்.

கரட் கொஞ்சம் தொய்ந்திருந்தால் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் போட்டால் விறைத்துவிடும். தொட்டால் வழுக்கினால், நாற்றம் வந்தால், அதை எறிந்துவிடுங்கள்.