டெலிவரி ரிப்போர்ட் பார்த்து எஸ்எம்எஸ்ஸை மறுபடி அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிப்போர்ட் வராததைப் "போய்ச் சேரவில்லை" என்று எடுத்துக்கொள்வது

புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு நிரலிலும் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. ஒரு பல் மருத்துவமனைக்கு, மறுநாள் அப்பாயின்ட்மென்டை மாலை 6 மணிக்கு நினைவூட்டும் நிரல். அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று எழுதியிருந்தார்கள். போனை அணைத்து வைத்திருந்த ஒருவர் இரவு 9 மணிக்கு மேல் ஆன் செய்ததும் ஒரே நினைவூட்டல் வரிசையாக வந்து விழுந்தது. அத்தனைக்கும் காசு போனது.

போன் அணைந்திருந்தால் செய்தி தொலைந்துவிடாது. ஆபரேட்டரின் எஸ்எம்எஸ் மையம் அதை வைத்துக்கொண்டு, காலக்கெடு முடியும்வரை முயன்றுகொண்டே இருக்கும். அந்தக் கெடுவை நாம் சொல்லாவிட்டால் மையம் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். அது ஒரு நாளுக்கு மேலேயும் இருக்கலாம். முதல் செய்தி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவதை அனுப்பினால் இரண்டும்தான் போய்ச் சேரும்.

அதனால் முதலில் செய்தியின் ஆயுளைக் குறியுங்கள். மையத்தோடு பேசும் எஸ்எம்பிபி நெறிமுறை வழியாக அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு இப்படி:

```
validity_period = 000000010000000R
```

6 மணிக்குப் போன செய்தியை 7.15க்குப் பாருங்கள். அந்தக் கால் மணி, ரிப்போர்ட் தாமதமாக வருவதற்கு. `stat:EXPIRED` என்று வந்ததை மட்டும் மறுபடி அனுப்புங்கள். ரிப்போர்ட்டே வராதவற்றைத் தனியாக ஒதுக்கி, நம் செய்தியை மையத்துக்குக் கொண்டுபோகும் கேட்வே அனுமதித்தால் `query_sm` மூலம் நிலையைக் கேளுங்கள்.

சில கேட்வேக்கள் நாம் கொடுக்கும் ஆயுளைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் போனையே அணைத்துவிட்டு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் `EXPIRED` வரவில்லையென்றால், அந்தக் கேட்வேயை நம்பி மறு அனுப்புதல் எழுத முடியாது.

ஐடியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது

சில மையங்கள், அனுப்பியவுடன் தரும் செய்தி ஐடியைப் பதினாறடிமானத்திலும், ரிப்போர்ட்டில் வரும் ஐடியைப் பதின்மத்திலும் தருகின்றன. அங்கே `1A2B`, இங்கே `6699`, இரண்டும் ஒன்றேதான். இது தெரியாவிட்டால் எந்த ரிப்போர்ட்டும் பொருந்தாது, நிரல் எல்லோருக்கும் மறுபடி அனுப்பிவிடும். சொந்தக்காரர் இல்லாத ரிப்போர்ட்டுகள் பதிவேட்டில் குவிந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

`REJECTD` வந்ததை மறுபடி அனுப்புவது

வேண்டாம். இந்தியாவில் பெரும்பாலும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்த டெம்ப்ளேட்டோடு வாசகம் பொருந்தாததுதான் காரணம். அதைத் திருத்துங்கள்.

நீளமான தமிழ்ச் செய்தியில் ஒரே ரிப்போர்ட்டைப் பார்ப்பது

70 எழுத்துக்குறிகளைத் தாண்டினால் செய்தி துண்டாகும். எல்லாத் துண்டுக்கும் `DELIVRD` வந்ததா என்று பாருங்கள்.