நீண்ட சண்டைக் காட்சியைத் திருத்துவது: பேச்சை எங்கே வெட்டுவது, எங்கே மௌனம் வைப்பது

புதிதாகக் கதை எழுதுகிறவர்களின் சண்டைக் காட்சிகளில் பெரும்பாலும் ஒரே குறைதான் இருக்கும். இரண்டு பேரும் முறை வைத்துப் பேசுவார்கள். ஒருவர் பத்து வரி பேசி முடிக்கும்வரை மற்றவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அவர் பத்து வரி பேசுவார். கோபம் "கத்தினாள்", "ஆத்திரத்துடன் சொன்னான்" என்ற சொற்களில் மட்டும் இருக்கும், பேச்சில் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு காட்சியை எடுத்துப் படிப்படியாகத் திருத்திக் காட்டுகிறேன்.

களம் களுவாஞ்சிகுடியில் ஒரு வீடு. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு என்பதால் உறுதி அம்மாவின் பெயரில் இருக்கிறது. மட்டக்களப்பு வழக்கப்படி அது அடுத்து இளைய மகளுக்குப் போகவேண்டும். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். மூத்த மகள் தன் சீதன வீட்டிலிருந்து வந்து உறுதியைக் கேட்கிறாள். தம்பி படுவான்கரையில் வயல் செய்கிறவன். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"தம்பி, தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். வீட்டை அவள் பெயருக்கு எழுதவேண்டும். அலுமாரியில் இருந்த உறுதியைக் காணவில்லை. நீதான் எடுத்திருப்பாய். எப்போதும் உனக்கு உன் வயல்தான் பெரிது!" என்று அக்கா கத்தினாள்.

"ஆமாம், நான்தான் எடுத்தேன். 2024 நவம்பர் வெள்ளத்தில் வேளாண்மை முழுவதும் அழிந்துபோனது. உரக்கடன் கட்டவேண்டியிருந்தது. அதனால் வீட்டை ஈடு வைத்தேன். உங்களில் யாராவது எனக்கு உதவினீர்களா? அம்மாவுக்கும் இது தெரியும்," என்று தம்பியும் ஆத்திரத்துடன் சொன்னான்.

இதற்குப் பிறகு இரண்டு பக்கங்கள் ஓடுகின்றன. அவற்றில் புதிய செய்தி ஒன்றுமில்லை. இதையே உரத்த குரலில் திரும்பச் சொல்கிறார்கள்.

முதல் படி: யாரும் சொல்ல விரும்பாத வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள்

வரைவு முழுவதையும் படித்து, எந்த ஒரு செய்தி வெளிவந்தால் சண்டையின் தன்மையே மாறும் என்று பாருங்கள். "ஈடு வைத்தேன்" என்பதுதான் அது என்று முதலில் தோன்றும். ஆனால் அதைவிடக் கனமானது கடைசியில் ஒட்டிக்கிடக்கும் "அம்மாவுக்கும் தெரியும்" என்பது. தம்பியின் தவறு அங்கே குடும்பத்தின் மறைப்பாக மாறிவிடுகிறது. காட்சி அங்கே போய் முடியவேண்டும். அதற்கு முன்னால் அந்தச் செய்தியின் நிழல்கூட விழக்கூடாது.

இரண்டாம் படி: கோரிக்கையை மிகச் சிறியதிலிருந்து தொடங்குங்கள்

"உறுதியைக் காணவில்லை" என்று தொடங்கினால் ஏறுவதற்கு இடமில்லை. ஆகவே அக்கா முதலில் அலுமாரியின் திறப்பை மட்டும் கேட்கட்டும். திறப்பு, அடுத்து உறுதி, அடுத்து உறுதி எங்கே, அடுத்து யாருக்குத் தெரியும். இந்த நான்கையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி இவற்றில் எதையும் அடுத்த படிக்குத் தள்ளவில்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

வெள்ளம், உரக்கடன், யாரும் உதவவில்லை என்ற நியாயங்களை என்ன செய்வது? அவற்றைச் சொல்லத் தம்பி முயலட்டும். முழுவதும் சொல்ல விடாதீர்கள். வாசகருக்கு இரண்டு சொற்கள் போதும்.

மூன்றாம் படி: வெட்டும் இடம்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்தானா, செய்யவில்லையா, செய்யப்போகிறானா என்பது அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே வினைக்குச் சற்று முன்னால் வெட்டினால், எதைப் பற்றிய பேச்சு என்பது வாசகருக்குத் தெரியும். என்ன ஆயிற்று என்பது தெரியாது.

"நான்—" என்று வெட்டினால் மிக முந்திவிட்டீர்கள். வாசகர் கையில் ஒன்றுமில்லை. "நான் உறுதியைக் கேட்கிறேன்—" என்று வெட்டினால் பிந்திவிட்டீர்கள். வாக்கியம் முடிந்தபின் குறுக்கே பேசுவது குறுக்கீடே இல்லை, அது சாதாரணப் பதில். "நான் உறுதியை—" என்பதுதான் இடம். அந்த இரண்டாம் வேற்றுமை உருபு ஒரு வினையைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது.

குறுக்கிடுகிறவருக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும். அடுத்து வரப்போகும் சொல்லைக் கேட்கப் பயப்படுகிறவர்தான் குறுக்கிடுவார். அல்லது அந்தச் சொல் தன்னைத் திசைதிருப்ப வருகிறது என்று தெரிந்தவர். வெறும் கோபத்துக்காகக் குறுக்கிட வைத்தால் பேச்சு விக்கல் எடுத்தது போலாகிவிடும்.

குறியீட்டிலும் கவனம் வேண்டும். மற்றவர் வெட்டினால் நீண்ட கோடு. பேசுகிறவரே தயங்கினால் மூன்று புள்ளிகள். இரண்டையும் கலந்து போட்டால் யார் நிறுத்தினார்கள் என்பது வாசகருக்குப் புரியாது. கோடு போட்ட பிறகு "என்று இடைமறித்தாள்" என்று எழுதவேண்டாம். அந்தச் சொல்லைப் படிக்கும் நேரத்தில் வேகம் போய்விடுகிறது.

நான்காம் படி: மௌனங்கள்

"சிறிது நேரம் மௌனம் நிலவியது" என்ற வாக்கியத்தைக் கண்டால் அடித்துவிடுங்கள். அது மௌனத்தைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே. ஒரு கேள்வி கேட்கப்பட்டு, பதில் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒன்று நடந்தால் வாசகருக்கே மௌனம் கேட்கும். அதே கேள்வி மறுபடி வந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

இந்தக் காட்சிக்கு மூன்று மௌனங்கள் போதும். முதலாவதில் தம்பி மட்டும் ஒதுங்குகிறான். இரண்டாவதில் இருவரும் உறைகிறார்கள். மூன்றாவது அம்மாவுடையது. அதற்காகவே அம்மாவைத் தொடக்கத்திலேயே கையில் ஒரு வேலையோடு உட்கார வைக்கவேண்டும். வேலை நடந்துகொண்டிருந்தால்தான் அது நிற்பது தெரியும்.

திருத்திய காட்சி:

அம்மா சுளகில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அலுமாரித் திறப்பைத் தா."

"எதற்கு அக்கா?"

"உறுதியை எடுக்க. நாளைக்கு நொத்தாரிசிடம் போகவேண்டும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவர்—"

"இருப்பார். பேசிவிட்டேன். திறப்பு."

தம்பி சட்டைப்பையைத் தொட்டான். பிறகு மேசையில் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"தம்பி."

"அக்கா, வெள்ளத்துக்குப் பிறகு அந்த உரக்கடைக்காரர்—"

"உரக்கடையை ஏன் இழுக்கிறாய்? நான் உறுதியை—"

"நான் சொல்வதைக் கொஞ்சம்—"

"உறுதி எங்கே?"

ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கே என்று கேட்டேன்."

"உள்ளேதான்... இருந்தது."

"இருந்தது?"

"சிறுபோகம் வெட்டியதும் மீட்டுவிடுவேன். வட்டி மட்டும்—"

"ஈடு வைத்துவிட்டாயா? அது உன் வீடா? அம்மாவின் பெயரில் இருக்கும் வீடு. அம்மா கையெழுத்துப் போடாமல் அதை யாருக்கும்—"

அவளே நிறுத்தினாள். இலை உருவும் சத்தமும் நின்றிருந்தது.

"அம்மா?"

கடைசி வெட்டைக் கவனியுங்கள். அதுவரை வந்த குறுக்கீடுகள் எல்லாம் மற்றவர் செய்தவை. உச்சத்தில் அக்கா தன்னைத் தானே வெட்டிக்கொள்கிறாள். இது தயக்கம் இல்லை, திடீரெனத் தெரிந்துகொள்வது. ஆகவே இங்கே மட்டும் புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடு. இலங்கையில் ஈட்டுறுதி நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும். சொத்துக்கு உரியவர் கையெழுத்திடாமல் அது ஆகாது. அக்காவுக்கு இது தெரியும். தம்பியைத் திட்டும் வாக்கியத்தின் நடுவில்தான் அவளுக்கு அது உறைக்கிறது. முதல் வரைவில் தம்பி வாய்விட்டுச் சொன்ன செய்தியை இப்போது யாருமே சொல்லவில்லை.

அந்த வெட்டு மற்றவற்றிலிருந்து வேறு வகை. "நான் உறுதியை—" என்பதற்குப் பல முடிவுகள் உண்டு. "யாருக்கும்—" என்பதற்கு ஒரு முடிவுதான் உண்டு: "கொடுக்க முடியாது". முடிவு தெரியாத வெட்டுகளைக் காட்சியின் முன்பாதியிலும், முடிவு நன்றாகத் தெரிந்தும் சொல்லப்படாத வெட்டைக் கடைசியிலும் வைத்தால் அழுத்தம் தானாகவே ஏறும். மாற்றி வைத்தால் காட்சி நடுவிலேயே தளர்ந்துவிடும்.

இன்னொரு சிறிய விஷயம். தொடக்கத்தில் "தம்பி", "அக்கா" என்று அழைத்துக்கொண்டவர்கள், "உறுதி எங்கே?" என்ற கேள்விக்குப் பிறகு ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைக்கவே இல்லை. கடைசியில் வரும் ஒரே அழைப்பு "அம்மா?" மட்டும். உங்கள் வரைவில் ஒவ்வொரு வரியிலும் "அக்கா", "தம்பி" என்று இருந்தால், எந்த வரியோடு அதை நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு பேரை வைத்து வாசித்துப் பாருங்கள்

கதை தெரியாத இரண்டு பேரிடம் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி, "இந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும்?" என்று கேளுங்கள். முன்பாதியில் இருவரும் வெவ்வேறு முடிவு சொன்னால் வெட்டு சரி. ஒன்றுமே சொல்ல முடியவில்லையென்றால் ஒரு சொல் தள்ளி வெட்டுங்கள். கடைசிக் கோட்டில் மட்டும் இருவரும் ஒன்றையே சொல்லவேண்டும்.

வாசிக்கிறவர்கள் எந்த இடத்திலாவது மூச்சு வாங்க முடியாமல் ஓடினால் அங்கே முழு வாக்கியங்கள் குறைவு என்று பொருள். "இருப்பார். பேசிவிட்டேன். திறப்பு." என்பது போன்ற முற்றுப்பெற்ற வரிகள் நடுநடுவே இருந்தால்தான் வெட்டுப்பட்ட வரி வெட்டுப்பட்டதாகத் தெரியும். எல்லா வரியிலும் கோடு இருந்தால் அதுவே வழக்கமாகி, வாசகர் கண்டுகொள்ள மாட்டார்.

"அம்மா?" என்பதற்குப் பிறகு அம்மாவின் பதிலை எழுத கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அடுத்த காட்சியை மறுநாள் காலையில், பஸ் நிறுத்தத்தில், வேறு யாரையாவது வைத்துத் தொடங்குங்கள். அம்மா என்ன சொன்னார் என்பது அங்கே அரைகுறையாக வெளிவரட்டும்.

இங்கே உரையாடலை எழுத்துத் தமிழில் தந்ததற்குக் காரணம், வெட்டுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே. உங்கள் கதையில் மட்டக்களப்புப் பேச்சுவழக்கு வேண்டுமென்றால் இந்த ஐந்து படிகளும் முடிந்த பிறகு கடைசியாக மாற்றுங்கள். பேச்சில் சொற்கள் சுருங்கும். சில வேற்றுமை உருபுகள் காதில் விழாமலே போகும். ஆகவே மாற்றியபின், கோடு போட்ட வரிகளை மட்டும் தனியே எடுத்து, அந்த இருவரிடமே இன்னொரு முறை வாசிக்கக் கொடுங்கள்.