கைடும் ஓட்டக்காரரும் சேர்ந்து ஓட எந்த வேகம்? கணக்குப் போடும்போது நேரும் தவறுகள்

பார்வையற்ற ஓட்டக்காரரோடு ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழி சொல்லியபடி முதல்முறை கைடாக ஓடப்போகிறவர் பெரும்பாலும் இருவருடைய சிறந்த நேரங்களையும் எடுத்து, கூட்டி, இரண்டால் வகுத்துவிடுகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் சிறந்த நேரம் 5 கி.மீ.க்கு 24 நிமிடம், அதாவது கி.மீ.க்கு 4 நிமிடம் 48 விநாடி. நான் கைடாக ஓடவிருந்த அக்காவின் சிறந்த நேரம் 10 கி.மீ.க்கு 60 நிமிடம், அதாவது கி.மீ.க்கு 6 நிமிடம். சராசரி 5 நிமிடம் 24 விநாடி வந்தது. இரண்டாவது கிலோமீட்டர் முடிவதற்குள் அக்கா கயிற்றைப் பின்னால் இழுத்து நிறுத்தி, "தம்பி, இதுக்கு மேல முடியாது" என்றார்.

அந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று, வெவ்வேறு தூரங்களின் நேரங்களை ஒப்பிட்டது. 5 கி.மீ. ஓடும் வேகத்தை யாராலும் 10 கி.மீ. முழுக்க இழுக்க முடியாது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கர் தந்த எளிய சூத்திரம் இதற்கு உதவும்:

```
T2 = T1 × (D2 / D1)^1.06
```

T1 தெரிந்த நேரம், D1 அந்தத் தூரம், D2 நமக்கு வேண்டிய தூரம். அடுக்கைக் கணக்கிடச் சோம்பலாக இருந்தால், 5 கி.மீ. நேரத்தை 2.085 ஆல் பெருக்கினால் 10 கி.மீ. நேரம் கிடைத்துவிடும். என் 24 நிமிடம் சுமார் 50 நிமிடமாகிறது. ஆக, 10 கி.மீ. தூரத்தில் என் வேகம் கி.மீ.க்கு 5 நிமிடம், அக்காவுடையது 6 நிமிடம். இது மதிப்பீடுதான். நீண்ட தூரப் பயிற்சி இல்லாதவர்களின் நேரத்தை இது குறைத்தே காட்டும்.

இரண்டாவது தவறு சராசரி எடுத்தது. இதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், அக்கா தன் முழு பலத்தையும் கொடுத்தாலும் 5 நிமிடம் 24 விநாடி என்ற வேகத்தில் சுமார் 1.7 கி.மீ.தான் ஓட முடியும் என்று வருகிறது. அவர் கயிற்றை இழுத்த இடமும் ஏறத்தாழ அதுவேதான். மெதுவாக ஓடுபவரின் உச்ச வேகம் பாதிவழி ஏறி வராது. வேகமானவர் முழுதாக இறங்கி வந்தாக வேண்டும்.

சரி, அப்படியானால் ஓட்டக்காரரின் நேரத்தை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. கைட் அவரைவிடக் கொஞ்சம் வேகமானவராக இருந்தாலே சரி என்று நினைப்பதுதான் மூன்றாவது தவறு. என் கணிப்பில் இதுவே ஆபத்தானதும்கூட. கைட் ஓடும்போது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "பத்தடியில் வேகத்தடை", "இடது பக்கம் மெல்லத் திரும்பு", "கீழே மணல்" என்று சொல்லும் மூச்சு அவரிடம் மிச்சம் இருக்க வேண்டும். கயிறு பிடித்த கையை அவர் இஷ்டத்துக்கு வீச முடியாது. கண்ணும் இருவருக்குமாகப் பார்க்கிறது. தனியாக ஓடி எடுத்த சிறந்த நேரத்தில் இந்த வேலைகள் எதுவும் இல்லை.

அதனால் நான் கைடின் கி.மீ. நேரத்துடன் பத்து சதவீதத்தைக் கூட்டியே ஒப்பிடுகிறேன். இது என் அனுபவத்தில் வந்த அளவு, எந்த விதியும் அல்ல. என் கி.மீ.க்கு 5 நிமிடம் என்பது 5 நிமிடம் 30 விநாடியாகிறது. அக்காவின் 6 நிமிடத்துக்கு அது தாராளம். ஆனால் 10 கி.மீ.யை 52 நிமிடத்தில், அதாவது கி.மீ.க்கு 5 நிமிடம் 12 விநாடியில், முடிக்கும் ஒருவருக்கு நான் கைடாகப் போனால் என்ன ஆகும்? காகிதத்தில் நான் இரண்டு நிமிடம் வேகமானவன். உண்மையில் நான்தான் பின்தங்குவேன். நாங்கள் சேர்ந்து ஓடக்கூடிய வேகம் 5 நிமிடம் 30 விநாடிதான். அவர் தன் சிறந்த நேரத்தை நெருங்க விரும்பினால் வேறு கைடைத் தேடுவதே நியாயம். 5000 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பாரா தடகளப் போட்டிகளில் ஓட்டக்காரர் இரண்டு கைடுகளை வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் இருக்கிறது.

கைடின் உடல் முதலில் தளர்ந்தால் இழப்பு ஓட்டக்காரருக்குத்தான். 2024 பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் ஸ்பெயினின் எலெனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் அவருடைய கைடுக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டது. விழப்போனவரைத் தாங்க எலெனா ஒரு கணம் கயிற்றை விட்டார். அதற்காகவே தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அன்று அந்தத் தசைப்பிடிப்பு எதனால் வந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் கைட் தன் எல்லையிலேயே ஓடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அந்தக் காட்சி ஒரு காரணம்.

நான்காவது தவறு, போட்டி வேகத்தை வசதியான வேகம் என்று எடுத்துக்கொள்வது. அக்காவின் 6 நிமிடம் என்பது அவர் ஒரு நாள் மொத்தத்தையும் கொடுத்து எடுத்தது. பயிற்சி ஓட்டத்துக்கு அதோடு ஒரு நிமிடம் முதல் ஒன்றேகால் நிமிடம் வரை கூட்டுவேன்: கி.மீ.க்கு 7 நிமிடம் முதல் 7 நிமிடம் 15 விநாடி வரை. புது ஜோடி என்றால் முதல் சில ஓட்டங்களுக்கு இன்னும் 15 விநாடி. அப்புறம், அந்தச் சிறந்த நேரம் எங்கே, எப்போது, யாருடன் ஓடி எடுத்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். பல மாதம் பழகிய கைடுடன் ஸ்டேடியம் டிராக்கில் ஜனவரி காலையில் வந்த நேரத்தை, மே மாதத்தில் பள்ளமும் வேகத்தடையும் உள்ள தெருவில் புது ஆளுடன் எதிர்பார்ப்பது சரியல்ல. டிரெட்மில்லில் கம்பியைப் பிடித்து ஓடிய நேரமென்றால் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

வேகத்தைக் குறைக்கும்போது கைட் காலடியை நீட்டி, மெதுவாக எடுத்து வைப்பது அடுத்த சிக்கல். கயிற்றைப் பிடித்த இரண்டு கைகளும் ஒன்றாக முன்னும் பின்னும் போக வேண்டும். அப்படியானால் இருவரின் வெளிப்பக்கக் கால்களும் ஒன்றாக முன்னே வரும், பிறகு உள்பக்கக் கால்கள். எனவே ஓட்டக்காரரின் காலடி எண்ணிக்கையைக் கைட் பிடித்துக்கொண்டு, காலடியின் நீளத்தை மட்டும் சுருக்க வேண்டும். நிமிடக் கணக்கு சரியாக இருந்தும் ஓட்டம் கனமாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வந்த எண்ணை ஒரு கிலோமீட்டர் வீதம் மூன்று முறை, இடையில் இரண்டு நிமிடம் நடந்து, ஓடிப் பார்க்கலாம். கயிறு முன்பக்கம் விறைத்தால் கைட் இழுக்கிறார். விதிப்படி இழுக்கவே கூடாது. பின்பக்கம் விறைத்தால் கைட் தேங்குகிறார். கைடின் முழு வாக்கியங்கள் "இடது", "படி" என்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கினாலோ, எச்சரிக்கை கால் பட்ட பிறகு வந்தாலோ அது கைடுக்கு அதிக வேகம். மூன்றாவது கிலோமீட்டரில் ஓட்டக்காரரின் தோள் உங்கள் பக்கம் சாய்ந்து, பாதம் தரையில் சத்தமாக அறைந்தால் அவருக்கு அதிகம். எந்த அறிகுறி தெரிந்தாலும் கி.மீ.க்கு 10 விநாடி கூட்டி மறுநாள் மீண்டும் ஓடிப் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் ஓட்டக்காரர் முதலில் பேசட்டும். கைட் "நல்லா இருந்துச்சு இல்ல?" என்று தொடங்கிவிட்டால், பலர் மரியாதைக்காக ஆமாம் சொல்லிவிடுவார்கள். அக்காவும் முதல் கிலோமீட்டர் முடிந்தபோது அப்படித்தான் சொன்னார்.