மலம் கழிக்கும்போது வலியும் ரத்தமும்: வெடிப்பா, மூலமா, சீழ்க்கட்டியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆசனவாயில் எது வந்தாலும் அதற்குப் பெயர் ‘மூலம்’தான். ஆனால் மலம் போகும்போது கிழித்தாற்போல் வலித்து ரத்தமும் வந்தால், பெரும்பாலும் அது மூலம் இல்லை. ஆசனவாய்த் தோலில் விழுந்த வெடிப்பு. பிரித்துப் பார்க்க ஒரு கடிகாரம், ஒரு கைக்கண்ணாடி, ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் போதும்.

படி 1: வலிக்கு நேரம் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி லோடு ஓட்டும் 35 வயது டிரைவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஓட்டம், தண்ணீர் குறைவு, சாப்பாடு பரோட்டா. மூன்று நாளுக்கு ஒருமுறை இறுகிய மலம். காலை 6 மணிக்கு முக்கும்போது சுரீரென்று வலிக்கிறது. எழுந்த பிறகும் எரிச்சலும் இறுக்கிப் பிடித்த வலியும் 8 மணி வரை நிற்கிறது. அப்புறம் அடுத்த முறை போகும்வரை வலியில்லை. இப்படி வந்து போகும் வலிதான் வெடிப்பின் அடையாளம். கீறல் பட்டதும் உள்ளே இருக்கும் தசை வளையம் தானாக இறுகிக்கொள்கிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. புண் ஆறமாட்டேன் என்கிறது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது இன்னும் இறுகி, ஆறவந்த புண்ணை மறுபடி கிழிக்கிறது.

உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது. வெளியே ரத்தம் உறைந்த மூலம் மட்டும் விலக்கு: திடீரென்று திராட்சைபோல நீலம் பாய்ந்த உருண்டை வரும், முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக வலித்துப் பிறகு மெல்லத் தணியும்.

சீழ்க்கட்டியின் வலி மலத்துக்காகக் காத்திருக்காது. இரவு பகலாக விண்விண்ணென்று தெறிக்கும், நாளுக்கு நாள் ஏறும். உட்கார்ந்தாலும் இருமினாலும் கூடும்.

படி 2: ரத்தத்தைப் பாருங்கள்

வெடிப்பில் மலத்தின் மேல் சிவப்புக் கோடாகவோ, கழுவும்போது கையில் சிறிதாகவோ தெரியும். மூலத்தில் மலம் போன பிறகு சொட்டும், சிலருக்குப் பீச்சும். கறுப்பு மலம், மலத்தோடு கலந்த ரத்தம், எடை குறைவு, 45 வயதுக்கு மேல் புதிதாக வந்த ரத்தப்போக்கு ஆகியவற்றை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

படி 3: கண்ணாடியில் பாருங்கள்

குந்தி உட்கார்ந்து, கீழே கண்ணாடி வைத்து, இரு பக்கமும் மெதுவாக விலக்குங்கள். விரலை உள்ளே விடாதீர்கள். வெடிப்பு பெரும்பாலும் பின்பக்கம், வால் எலும்பை நோக்கி நடுக்கோட்டில் இருக்கும். பெண்கள் சிலருக்கு முன்பக்கமும் வரும். நம் டிரைவர் கைக்குத் தட்டுப்பட்ட சின்னச் சதைத் துணுக்கை மூலம் என்று நினைத்தார். பழைய வெடிப்பின் ஓரத்தில் வளரும் தோல்தான் அது. வெடிப்பு பக்கவாட்டில் இருந்தால் காசநோய், குடல் அழற்சி போன்ற வேறு காரணம் இருக்கலாம். டாக்டர் பார்க்க வேண்டும்.

படி 4: காய்ச்சல் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆழத்தில் இருக்கும் சீழ்க்கட்டி வெளியே வீக்கமாகவோ சிவப்பாகவோ தெரியாமல் போகலாம். விடாத வலியோடு 100.4 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் கழிக்கச் சிரமம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை நோயாளி விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. சீழைக் கீறி வடிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் அது ஆறாது. வடித்த பிறகும் சிலருக்கு உள்ளிருந்து வெளித்தோல் வரை சீழ் கசியும் பாதை ஒன்று தங்கிவிடும், அதுதான் பவுத்திரம்; அதனால் மறுபடி காட்டச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள்.

படி 5: வெடிப்பு என்றால்

இடுப்பு நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில், மலம் போன உடனே ஒருமுறை, பிறகு இருமுறை, 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். இறுகிய தசை தளரத்தான் இது. சூடு முழங்கைக்குப் பொறுக்க வேண்டும். ராத்திரி இரண்டு டீஸ்பூன் இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தைக் கட்டிவிடும். பரோட்டாவுக்குப் பதில் கேழ்வரகுக் களியும் கீரையும் சாப்பிடுங்கள்; ஐந்து நிமிடத்துக்கு மேல் கழிப்பறையில் உட்காராதீர்கள்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டர் 2 சதவீத டில்டியாசெம் களிம்பு எழுதுவார். பட்டாணி அளவு எடுத்து, விளிம்பில் தினம் இருமுறை, 6 முதல் 8 வாரம் தடவ வேண்டும். டிரைவருக்குப் பத்தாம் நாளே வலி நின்றது, களிம்பை நிறுத்தினார், மூன்றாம் வாரம் மறுபடி கிழிந்தது. வலி நிற்பது முதலில், தோல் சேர்வது பிறகு. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த மூலக் களிம்பை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து இன்னும் எளிதாகக் கிழியும். மூலத்துக்கு ஊசி என்று போர்டு வைத்த இடத்தில் பட்டம் பெற்ற டாக்டர் பார்க்காமல் ஊசி போட்டுக்கொள்ளவே வேண்டாம். வெடிப்பு அதில் ஆறாது, புதிதாகச் சீழ் பிடிக்கலாம். எட்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் ஆறாத வெடிப்புக்கு, இறுகிய தசையைத் தளர்த்தும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது.