உங்கள் கஜு எந்த நாட்டுப் பொருள்? இந்தியாவுக்குத் தோற்றச் சான்றிதழ் எடுப்பது

மட்டக்களப்பில் உடைத்துப் பொதி செய்ததால் மட்டும் கஜு இலங்கைப் பொருளாகிவிடாது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் தீர்வைச் சலுகை வேண்டுமானால், அதன் தோற்ற விதிகளுக்குள் உங்கள் சரக்கு அடங்க வேண்டும். பொருள் சலுகை கிடைக்காதவற்றுக்கான இந்தியாவின் தவிர்ப்புப் பட்டியலில் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுக்க இங்கே விளைந்த கொட்டையென்றால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் கொட்டை சேர்ந்தால் இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும்.

முதற்படி, சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீடு. மூலப்பொருளின் முதல் நான்கு இலக்கங்களும் முடிவுப் பொருளின் நான்கு இலக்கங்களும் வேறாக இருக்க வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். தோலுடன் உள்ள கொட்டை 0801.31, உடைத்த பருப்பு 0801.32. இரண்டும் 0801தான். எவ்வளவு கூலி கொடுத்து உடைத்திருந்தாலும், ஆப்பிரிக்கக் கொட்டையின் பருப்பு இந்த விதியில் தோற்றுவிடும். வறுத்து உப்பிட்டால் அது 2008 என்ற குறியீட்டுக்கு மாறுகிறது. ஈரம் போக இலேசாகச் சூடாக்குவது வறுத்தலாகாது.

அடுத்தது விலைக்கணக்கு. வெளிநாட்டு மூலப்பொருளின் பெறுமதி, கப்பலேற்றும் விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எடுத்துக்காட்டாக 100 கிலோ வறுத்த கஜுவின் கப்பலேற்றும் விலை 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதிக் கொட்டை 450 கிலோ, கிலோ 650 ரூபாய் வீதம் 2,92,500. இறக்குமதி எண்ணெய் 10,000. மொத்தம் 3,02,500, அதாவது 60.5 சதவீதம். தேறிவிடும். கொட்டை விலை கிலோ 710 ஆனால் 65.9 சதவீதமாகித் தேறாது. ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் எக்செல் தாளில் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய கணக்கைத் திருத்திக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

பிறகு, விலைப்பட்டியல், செலவுக் கணக்கு, கொள்வனவுச் சிட்டைகளோடு வர்த்தகத் திணைக்களத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ஏறாவூர் வாசகர் ஒருவர், வியாபாரியிடம் மூட்டையாக வாங்கும் கொட்டையைப் பற்றிக் கேட்டிருந்தார். எங்கு விளைந்ததென்று காட்ட முடியாத கொட்டையும் வெளிநாட்டுப் பொருளாகவே எண்ணப்படும். வாகரைத் தோட்டத்துக் கொட்டையாகவே இருந்தாலும், சிட்டையில்லையென்றால் அதன் பெறுமதியும் 65 சதவீத வரம்புக்கான வெளிநாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். விவசாயியின் பெயர், நிறை, திகதி எழுதிய சிட்டையில் அவரது கையொப்பத்தை வாங்கி வையுங்கள்.

மற்றொருவர், சான்றிதழ் கொடுத்த பிறகும் இந்தியக் கொள்வனவாளர் செலவு விபரம் கேட்கிறாரே என்றார். 2020 செப்டெம்பரிலிருந்து, பொருள் எப்படித் தோற்றத் தகுதி பெற்றது என்ற தகவலை இறக்குமதியாளரும் கையில் வைத்திருக்க வேண்டுமென இந்தியச் சுங்கம் விதித்திருக்கிறது. மேலே போட்ட கணக்குத் தாளின் பிரதி ஒன்றைச் சான்றிதழுடனேயே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.