கிரஷ்ஷா, பிரமிப்பா? ஒரு நோட்டை வைத்துப் பிரித்துப் பார்க்கும் முறை

பதினாறு வயதில் எங்கள் பேச்சுப்போட்டிக் குழுவில் இருந்த ஒரு அக்காவைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். நானும் பெண், அவரும் பெண். 'அப்படியானால் நான் தன்பாலீர்ப்பு உள்ளவளா?' என்று பல மாதம் தூங்காமல் யோசித்தேன். கடைசியில் கைகொடுத்தது கீழே உள்ள முறைதான்.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். 'உன் பாலீர்ப்பு என்ன?' என்று பத்துக் கேள்வியில் சொல்லிவிடும் இணைய வினாடிவினாக்கள் வேண்டாம். எந்தப் பதில் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறோமோ, அதற்கேற்பத்தான் அங்கே டிக் அடிப்போம். நோட்டில் பெயருக்குப் பதில் ஒரு எழுத்து போடுங்கள். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்றால், படம் வரையும் நோட்டின் ஓரத்தில் குறியீடாக எழுதினாலும் சரி.

படி 1: பகற்கனவை அப்படியே எழுதுங்கள்

அந்த ஆளை நினைக்கும்போது மனசுக்குள் ஓடும் காட்சி எது? அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? என் காட்சியில் அக்கா நிற்கும் மேடையில் நான் நின்றேன், கைதட்டல் எனக்கு விழுந்தது. அவர் பக்கத்தில்கூட இல்லை. 'அவரைப் போல ஆகணும்' என்ற ஆசை அது. 'அவரோடு இருக்கணும்' என்ற ஆசையாக இருந்தால், காட்சியில் இரண்டு பேரும் இருப்பீர்கள், பெரும்பாலும் ஒன்றும் பெரிதாக நடக்காது. சேர்ந்து நடப்பீர்கள், அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

படி 2: திறமையைக் கழித்துப் பாருங்கள்

அவர் நாளையிலிருந்து பாடவே மாட்டார், விளையாடவே மாட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர் பக்கத்தில் உட்காரத் தோன்றுகிறதா?

படி 3: படபடப்பைச் சாட்சியாக எடுக்காதீர்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். டட்டன், ஏரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உயரத்தில் ஆடும் தொங்குபாலத்தில் ஒரு பெண் ஆண்களைச் சந்தித்து, சில கேள்விகள் கேட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தாழ்வான, ஆடாத பாலத்திலும் அதையே செய்தார். ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களில்தான் அதிகம் பேர் பின்னால் அவருக்குப் போன் செய்தார்கள். பயத்தில் வந்த உடம்பின் படபடப்பை, ஈர்ப்பு என்று மனசு எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

எனவே படபடத்த நேரத்தை எல்லாம் இரண்டு வாரம் குறியுங்கள். எங்கே, எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். என் நோட்டில் ஏழு தடவை இருந்தது. ஆறு தடவை நான் மேடையேறப் போகிற நேரம், ஏழாவது அவர் என் பேச்சைத் திருத்திய அன்று. நூலகத்தில் சும்மா எதிரே வந்த நான்கு நாளும் ஒன்றுமே இல்லை. அக்காவிடம் எனக்கு இருந்தது பிரமிப்பு, அதோடு நிறைய மேடைப்பயம்.

வேறொன்றும் அதே பக்கங்களில் இருந்தது. வகுப்பில் என் பின்னால் உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பற்றி யோசிக்காமலே எழுதியிருந்தேன். 'இன்று அவள் வரவில்லை' என்று மூன்று இடத்தில் இருந்தது. அவளிடம் நான் வியக்க எதுவும் இல்லை. அவள் வேறொரு தோழியோடு சிரித்தபோது வலித்தது, அக்கா பரிசு வாங்கியபோது வந்த பொறாமை போல அல்ல. அக்காவிடம் இருந்தது எனக்கும் வேண்டும் என்பது அந்தப் பொறாமை. இங்கே எனக்கு வேண்டியிருந்தது அவளுடைய கவனம். அதுதான் என் முதல் கிரஷ்.

படி 4: அதே கேள்விகளை இன்னொருவரைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்

எதிர்பாலில் 'எனக்குப் பிடிக்கும்' என்று நீங்கள் சொல்லிவந்த ஒருவரையும் இதே மூன்று படிகளில் நிறுத்துங்கள். எல்லோரும் சொல்வதால் நாமும் ஒரு பெயரைச் சொல்லியிருப்போம். நான் சொல்லிவந்த பையனுக்கு என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தம்பி, 'எனக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது அக்கா' என்று எழுதியிருந்தான். வரும். பிரமிப்பில் தொடங்கிக் கிரஷ்ஷாக மாறுவதும் உண்டு. அப்படி இருந்தால் இரண்டையும் எழுதி வை தம்பி, ஒன்றை அடிக்க வேண்டாம். யாரிடமும் கிரஷ் வரவில்லை என்பவர்களுக்கும் அதேதான்: காலியான பக்கம் தப்பான பக்கம் இல்லை. ஒரு நோட்டு ஒரு ஆளைப் பற்றித்தான் சொல்லும். தன்பாலீர்ப்பா, இருபாலீர்ப்பா என்ற பெயரை அதிலிருந்து உடனே எடுக்க முடியாது. நான் எனக்கான சொல்லைக் கண்டுபிடித்தது பத்தொன்பது வயதில்.

இன்னொருத்தி, தான் வியக்கும் ஆள் ஒரு பெரியவர் என்றும், 'நாம் பேசுவதை யாரிடமும் சொல்லாதே' என்று அவர் சொல்வதாகவும் எழுதினாள். அங்கே இந்த நோட்டு வேண்டாம். உன் உணர்வு எதுவாக இருந்தாலும் தப்பு உன்னுடையது இல்லை. நீ நம்பும் வேறொரு பெரியவரிடம் இன்றே சொல்.